டிடிஎஸ் தப்பாகப் பிடித்துவிட்டார்கள்: சம்பளப் பிரிவுக்கு என்ன எழுதுவது, திருத்திய பாரம் 16 எப்படி வாங்குவது

சேலத்துல ஒரு தனியார் கம்பெனில வேலை. சம்பளம் சென்னை ஹெட் ஆபீஸ்ல போடுறாங்க. அழகாபுரத்துல மாசம் 18,000 ரூபாய் வாடகைக்கு இருக்கேன். பழைய வரி முறைன்னு எழுதிக் கொடுத்து, ஜனவரியிலயே வாடகை ரசீதெல்லாம் போர்ட்டல்ல ஏத்திட்டேன். இப்போ 2024-25க்கு பாரம் 16 வந்திருக்கு, அதுல வாடகைக் கழிவே இல்லை. 61,880 ரூபாய் வரி பிடிச்சிருக்காங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போடலாமா?

மெயில் கட்டாயம் போடுங்கள். ஆனால் அதில் பணத்தைக் கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

உங்களிடம் பிடித்த 61,880 ரூபாய் கம்பெனியின் கையில் இல்லை. மாதாமாதம் உங்கள் பான் எண்ணின் பேரில் வருமான வரித் துறைக்குப் போய்விட்டது. மார்ச் முடிந்துவிட்டதால் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிக்கட்டவும் வழியில்லை. அந்தப் பணம் உங்கள் ரிட்டர்ன் வழியாக ரீஃபண்டாகத்தான் திரும்பி வரும். "கூடுதலாகப் பிடித்ததை என் கணக்கில் போடுங்கள்" என்று எழுதினால், "துறைக்குக் கட்டியாகிவிட்டது, எங்களால் முடியாது" என்று ஒரு வரியில் பதில் வரும். அந்தப் பதிலில் தப்பு இல்லை. ஆனால் அத்தோடு அவர்கள் உங்கள் கோரிக்கையை முடித்து வைத்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது கணக்கைத் திருத்தித் தரச் சொல்லி. ஒவ்வொரு காலாண்டும் கம்பெனி 24Q என்ற அறிக்கையைத் துறைக்குக் கொடுக்கிறது. அதில் நான்காம் காலாண்டு அறிக்கையோடு இணைப்பு 2 என்று ஒன்று போகும். ஒவ்வொரு பணியாளரின் ஆண்டு முழுவதற்குமான சம்பளம், விலக்குகள், கழிவுகள், வரி எல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் பாரம் 16-இன் பகுதி B அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த இணைப்பில் உங்கள் பதிவு தப்பாக ஏறியிருக்கிறது. அதைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்து, புதிய பாரம் 16 தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அதைச் செய்து தருவதும் அவர்களால் முடிகிற காரியம்தான்.

எவ்வளவு தப்புன்னு நானே கணக்குப் போட முடியுமா? ஆடிட்டர்கிட்டதான் போகணுமா?

நீங்களே போடலாம். போட்ட பிறகுதான் மெயில் எழுத வேண்டும். எண் இல்லாத மெயிலைச் சம்பளப் பிரிவில் யாரும் கையில் எடுப்பதில்லை.

உங்கள் சம்பளத்தை இப்படி வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000, வீட்டு வாடகைப் படி 20,000, சிறப்புப் படி 20,000. ஆண்டுக்கு மொத்தம் 9,60,000. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தொழில்வரியை விட்டுவிடுகிறேன்.

வாடகைப் படிக்கு விலக்கு எவ்வளவு என்று பார்க்க மூன்று தொகைகளை எழுதி, அதில் மிகச் சிறியதை எடுக்க வேண்டும். முதலாவது, வாங்கிய படி: 2,40,000. இரண்டாவது, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது: 2,16,000-இல் 48,000 போக 1,68,000. மூன்றாவது, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம்: 1,92,000. சிறியது 1,68,000. அதுதான் உங்கள் விலக்கு. (பஞ்சப்படி ஓய்வூதியப் பலன்களுக்குச் சேர்கிற வகையாக இருந்தால் அதையும் அடிப்படையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.)

மூன்றாவது தொகையில் ஒரு எச்சரிக்கை. 2024-25-க்குச் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கும் 50 சதவீதம், மற்ற ஊர்களுக்கு 40. பார்க்க வேண்டியது வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான், ஹெட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதை அல்ல. சென்னையிலிருந்து சம்பளம் போடும் கம்பெனிகள் சேலத்துக்காரர்களுக்கும் 50 சதவீதம் என்று வைத்துவிடுவது உண்டு. உங்கள் கணக்கில் சிறிய தொகை இரண்டாவதாக இருப்பதால் அது பாதிக்காது. வாடகை இன்னும் கூடுதலாக இருப்பவர்களுக்குப் பாதிக்கும், அதுவும் வரி குறைவாகப் பிடிக்கும் பக்கமாக. பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிவரும் என்பதால் அதையும் சொல்லித் திருத்திக்கொள்வதுதான் நல்லது.

இனி வரி. 9,60,000-இல் வாடகை விலக்கு 1,68,000, நிலைக்கழிவு 50,000, 80C-யில் 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 80D-யில் 25,000 போக மிச்சம் 5,67,000. பழைய முறையில் முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த இரண்டரை லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 12,500. மீதி 67,000-க்கு 20 சதவீதம், அதாவது 13,400. இரண்டும் சேர்ந்து 25,900. அதன்மேல் 4 சதவீத செஸ் 1,036. ஆக உங்கள் உண்மையான வரி 26,936.

கம்பெனி அந்த 1,68,000-ஐ மட்டும் கழிக்கவில்லை. அவர்கள் கணக்கில் வரிக்குரிய வருமானம் 7,35,000, வரி 59,500, செஸ் 2,380, மொத்தம் 61,880. உங்கள் பாரம் 16-இல் இருக்கும் தொகை அப்படியே வந்துவிட்டது பாருங்கள். இது முக்கியமான சோதனை. விடுபட்டதாக நீங்கள் நினைப்பதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் அவர்கள் தொகை ரூபாய் பிசகாமல் வர வேண்டும். வராவிட்டால் வேறு ஏதோ ஒன்றும் தப்பாக இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மெயில் அனுப்பாதீர்கள். உதாரணமாக, பிடித்தது 40,040 என்று இருந்தால் கதையே வேறு. 9,60,000-இல் 75,000 நிலைக்கழிவை மட்டும் கழித்து, அந்த ஆண்டின் புதிய முறை விகிதத்தில் போட்டால் வரும் தொகை அது. அதாவது நீங்கள் பழைய முறை கேட்டது அவர்களிடம் பதிவாகவே இல்லை.

இந்த எண்கள் 2024-25 நிதியாண்டுக்கு மட்டும். 2025-26-இல் இதே சம்பளத்துக்குப் புதிய முறையில் 87A தள்ளுபடி போக வரியே வராது. ஆகவே அந்த ஆண்டுக்கு வாடகை ரசீதைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் எந்த முறை லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கம்பெனியிடம் ஒரு முறையைச் சொல்லியிருந்தாலும், கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது மற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பாரம் 16-ல எந்த இடத்தைப் பார்க்கணும்? ரெண்டு பகுதி இருக்கு, ஒண்ணும் புரியலை.

பகுதி A என்பது பிடித்துக் கட்டிய பணத்தின் ரசீது. எந்தக் காலாண்டில் எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். உங்கள் விஷயத்தில் அங்கே 61,880 என்று இருக்கிறது. அவ்வளவும் பிடித்தார்கள், அவ்வளவும் கட்டினார்கள். ஆகவே பகுதி A சரி. அதைத் திருத்தக் கேட்கக் கூடாது, திருத்திய பிறகும் அது 61,880 ஆகவே இருக்க வேண்டும்.

பகுதி B என்பது வரி எப்படி வந்தது என்ற கணக்கு. மேலேயே 115BAC(1A) முறையிலிருந்து விலகுகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். பழைய முறைக்காரருக்கு அங்கே `Yes` என்று இருக்க வேண்டும். அடுத்து வரிசை 2(e), அதாவது 10(13A)-இன் கீழ் வீட்டு வாடகைப் படி. உங்களுக்கு அங்கே சுழியம் இருக்கும், இருக்க வேண்டியது 1,68,000. கடைசியாக வரிசை 19, நிகர வரி. இப்போது 61,880, இருக்க வேண்டியது 26,936.

இந்த மூன்று இடங்களையும் வட்டமிட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெயிலோடு இணைக்க உதவும்.

மெயிலை எழுதிக் காட்டுங்களேன். இங்கிலீஷ்லதான் எழுதணுமா?

உங்கள் சம்பளப் பிரிவில் தமிழ் படிப்பவர்கள் இருந்தால் தமிழே போதும். மொழியைவிட அடுக்கு முக்கியம். மெயிலைத் திறப்பவர் பெரும்பாலும் திருத்துபவராக இருக்க மாட்டார். அவர் அதை டிடிஎஸ் பார்க்கும் ஆளுக்கோ, வெளியே இருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கோ தள்ளிவிடுவார். உங்களைக் கேட்காமலே அந்த ஆள் வேலையை முடிக்கும்படி எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும்.

> பொருள்: 2024-25 பாரம் 16, பகுதி B, வரிசை 2(e)-இல் வாடகைப் படி விலக்கு விடுபட்டது, 24Q நான்காம் காலாண்டுத் திருத்தம் கோருதல், பணியாளர் எண் ______
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> வணக்கம். நான் சேலம் கிளையில் பணிபுரிகிறேன். என் பான் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள் ______.
>
> 2024-25 நிதியாண்டுக்குப் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து ஏப்ரலில் தெரிவித்திருந்தேன். வாடகை ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் பான் ஆகியவற்றோடு 12BB படிவத்தை ஜனவரி மாதம் கெடுவுக்குள் போர்ட்டலில் ஏற்றினேன். ஏற்றியதற்கான ஒப்புகையை முதல் கோப்பாக இணைத்துள்ளேன்.
>
> எனக்கு வழங்கப்பட்ட பாரம் 16-இல் 10(13A) விலக்கு சுழியமாக உள்ளது. என் கணக்குப்படி அது 1,68,000 ரூபாய் (கொடுத்த வாடகை 2,16,000, கழிக்க அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் 48,000). இதைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 7,35,000-க்குப் பதில் 5,67,000. செஸ் உட்பட வரி 61,880-க்குப் பதில் 26,936. முழுக் கணக்கை இரண்டாம் கோப்பாக இணைத்துள்ளேன்.
>
> பிடித்தம் செய்து கட்டிய 61,880 ரூபாயைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. அதை ரிட்டர்னில் ரீஃபண்டாகப் பெற்றுக்கொள்கிறேன். பகுதி A-யில் மாற்றம் தேவையில்லை.
>
> நான் வேண்டுவது: நான்காம் காலாண்டு 24Q-வின் இணைப்பு 2-இல் என் பதிவைத் திருத்தித் தாக்கல் செய்து, அதன் பிறகு துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து பதிவிறக்கிய திருத்திய பாரம் 16-ஐ எனக்கு அனுப்ப வேண்டும். என் கணக்கில் பிழை இருந்தால் அல்லது ஆவணம் எதுவும் குறைந்தால் தெரிவியுங்கள், அன்றே தருகிறேன்.
>
> ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், திருத்தம் எந்தத் தேதிக்குள் தாக்கலாகும் என்று இந்த வாரத்துக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.

"நான் திருப்பிக் கேட்கவில்லை" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். படிப்பவருக்கு முதலில் எழும் பயமே கம்பெனி பணம் கொடுக்க வேண்டி வருமோ என்பதுதான். அது போய்விட்டால் மெயில் வேகமாக நகரும்.

வீட்டு உரிமையாளரின் பான், உங்கள் முழு பான், வங்கிக் கணக்கு எண் இவற்றை மெயில் உடலில் எழுத வேண்டாம். பத்துப் பேருக்கு நகல் போகும் மெயில் இது. ஆவணத்தில் இருந்தால் போதும்.

ஆடிட்டர் ஃப்ரெண்டு ஒருத்தர், செக்‌ஷன் நம்பர் போட்டு அபராதம்னு எழுதினாத்தான் அசைவாங்கன்னு சொல்றார்.

முதல் மெயிலில் வேண்டாம். பாரம் 16-ஐ ஜூன் 15-க்குள் தராவிட்டால் 272A(2)-இன் கீழ் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கம்பெனி தேதிக்குள் கொடுத்துவிட்டது, கொடுத்ததில்தான் பிழை. அந்தப் பிரிவை எழுதினால் உங்கள் வழக்கு அதில் பொருந்தாது என்று அவர்கள் சட்டப் பிரிவு பதில் எழுதும். திருத்த அறிக்கை போடுவது அவர்களுக்கு வழக்கமான வேலைதான்: டிரேசஸிலிருந்து தொகுப்புக் கோப்பை இறக்கி, உங்கள் ஒரு பதிவை மாற்றி, சரிபார்த்து ஏற்ற வேண்டும். உங்கள் வரி குறையத்தான் போகிறது என்பதால் அவர்கள் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் எழாது. இதைப் பதமாக எடுத்துச் சொன்னால் போதும்.

"புக்ஸ் க்ளோஸ் ஆயிடுச்சு, ஐடிஆர்ல கிளைம் பண்ணிக்கோங்க"ன்னு ஒரே வரியில பதில் வந்திருக்கு.

இதில் பாதி சரி. பாரம் 16-இல் இல்லாவிட்டாலும் ரிட்டர்னில் வாடகை விலக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்த வாடகைக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, கம்பெனி எழுதியதா என்பது அல்ல.

மற்றப் பாதி சரியில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கும் 24Q-வுக்கும் சம்பந்தமில்லை. ஆண்டு முடிந்த பிறகும் திருத்த அறிக்கை போடத் துறையே வழி வைத்திருக்கிறது. திருத்தாமல் விட்டால் துறையின் கணினியில் உங்கள் வருமானம் 7,35,000 என்றும் நீங்கள் சொல்வது 5,67,000 என்றும் இரண்டு எண்கள் நிற்கும். 35,000 ரூபாய்க்கு ரீஃபண்ட் கேட்கிற ரிட்டர்னில் இப்படி வித்தியாசம் இருந்தால் விளக்கம் கேட்டுச் செய்தி வரலாம், ரீஃபண்ட் நிற்கலாம். ஆகவே பதிலுக்கு இப்படி எழுதுங்கள்: "ரிட்டர்னில் கேட்டுக்கொள்கிறேன், சரி. ஆனால் 24Q இணைப்பு 2-இல் இருப்பது நான் கொடுத்த ஆவணங்களுக்குப் பொருந்தவில்லை. அதைத் திருத்த அறிக்கை மூலம் சரிசெய்து தாருங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்." எழுத்தில் மறுப்பு வந்தாலும் அது உங்களுக்குப் பயன்தான். பின்னால் துறை கேட்டால் ஒப்புகையும் மறுப்பும் ரசீதுகளும் சேர்ந்து ஒரு முழு விளக்கமாகிவிடும்.

புது பாரம் 16 அனுப்பிட்டாங்க. 2(e)-ல 1,68,000 வந்திருக்கு. முடிஞ்சுதா?

இன்னும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சில இடங்களில் சம்பள மென்பொருளில் மட்டும் எண்ணை மாற்றி, புதிய பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிடுவார்கள். 24Q-வைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரேசஸில் இறக்கிய படிவத்தில் தளத்தின் முத்திரையும், சான்றிதழ் எண்ணும், `Last updated on` என்ற தேதியும் இருக்கும். திருத்த அறிக்கை உண்மையாகவே ஏறியிருந்தால் அந்தத் தேதி உங்கள் மெயிலுக்குப் பிந்தியதாக இருக்கும். பழைய தேதியே இருந்தாலோ, முத்திரையும் தேதியும் இல்லாமல் பகுதி B மட்டும் தனித் தாளாக வந்தாலோ, திருத்தம் துறைக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் வருமான வரித் தளத்தில் ரிட்டர்னைத் திறந்து, முன்நிரப்பிய சம்பள விவரத்தில் வாடகை விலக்கு வருகிறதா என்று பாருங்கள். ஏற்றிய அன்றே வராது, துறை அதைப் பரிசீலித்து முடிக்கச் சில நாள் ஆகும்.

பகுதி A-யையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருத்தும் அவசரத்தில் அங்கேயும் கைவைத்து 61,880-ஐ 26,936 ஆக்கிவிட்டால், நீங்கள் கட்டிய வரியில் 34,944 ரூபாய் உங்கள் பேரிலிருந்து காணாமல் போய்விடும். ரீஃபண்டே அந்தத் தொகைதான்.

திருத்தம் வர்ற வரைக்கும் ரிட்டர்ன் போடாம காத்திருக்கலாமா?

கொஞ்ச நாள் காத்திருக்கலாம், கெடுவைத் தாண்டி அல்ல. 2024-25-க்கு வழக்கமான ஜூலை 31-ஐத் தள்ளி 2025 செப்டம்பர் 16 வரை நேரம் கொடுத்தார்கள். எல்லா ஆண்டும் அப்படி நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். பழைய முறைக்காரருக்கு இது இரட்டிப்பு முக்கியம். கெடு தாண்டினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே போய்விடும், வாடகை விலக்கும் அதோடு போகும்.

ஆகவே கெடு நெருங்கினால் திருத்திய படிவம் இல்லாமலே சரியான எண்களோடு ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் ரிட்டர்ன் படிவமே வாடகைப் படி, கொடுத்த வாடகை, அடிப்படைச் சம்பளம், ஊர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கை அப்படியே நிரப்பலாம். திருத்தம் பின்னால் வந்தாலும் எண்கள் ஒன்றாக இருப்பதால் ரிட்டர்னை மாற்ற வேண்டியிருக்காது.

கெடுவுக்குள் போட்டவர்களுக்கு ரீஃபண்டோடு மாதம் அரை சதவீத வட்டியும் உண்டு, ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. உங்கள் தொகைக்கு மாதம் 174 ரூபாய் சொச்சம். அந்த வட்டி அடுத்த ஆண்டு வருமானத்தில் சேரும், அப்போது காட்ட மறக்காதீர்கள்.

இதை நான் டிசம்பர் சம்பளச் சீட்டுலயே கவனிச்சிருந்தா?

அப்போது மெயிலே வேறு மாதிரி இருந்திருக்கும், பணத்திலும் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும். ஆண்டு நடக்கும்போது கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்ததை அதே ஆண்டின் மற்ற மாதங்களில் சரிக்கட்ட 192(3) பிரிவு கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது.

61,880-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 5,157. டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் 46,410 பிடித்தாகிவிட்டது. முழு ஆண்டுக்கும் உங்கள் வரி 26,936-தான். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்தத்தைச் சுழியமாக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். 15,470 ரூபாய் கையில் நின்றிருக்கும், மீதி 19,474-க்கு மட்டும் ரீஃபண்ட் கேட்டிருப்பீர்கள். சுழியத்துக்குக் கீழே போய் ஏற்கெனவே கட்டியதைச் சம்பளத்தோடு கேட்பது நடக்காது.

அதையும் தவறவிட்டால் இன்னொரு இடைவெளி இருக்கிறது. நான்காம் காலாண்டு 24Q-வுக்குக் கெடு மே 31. ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டு வரிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாக்கலுக்கு முன் பிடித்துவிட்டால் திருத்த அறிக்கையே வேண்டாம், முதல் படிவமே சரியாக வரும்.

என் பிரச்சினை வேற. சம்பளச் சீட்டுகளைக் கூட்டினா 61,880 வருது, பகுதி A-ல 46,410தான் இருக்கு.

இது முன்னதைவிடக் கடுமையானது. ஒரு காலாண்டு முழுவதும் காணவில்லை. ஒன்று, பிடித்ததைக் கட்டவில்லை. அல்லது கட்டிவிட்டு 24Q-வில் உங்கள் பான் எண்ணைத் தப்பாக ஏற்றியிருக்கிறார்கள். வருமான வரித் தளத்தில், உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26AS-ஐத் திறந்து ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் பேரில் வரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெயிலில் அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து, செலான் எண்ணும் கட்டிய தேதியும் கேளுங்கள். இங்கே பகுதி A-யைத்தான் திருத்த வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பான் பிழை என்றால் ஒரு திருத்த அறிக்கையில் சரியாகிவிடும். கட்டவே இல்லை என்றாலும், சம்பளத்தில் பிடித்த வரியை உங்களிடம் மறுபடி நேரடியாகக் கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நிரூபிக்கச் சம்பளச் சீட்டும், கழிவு போகச் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். வேலையை விட்டால் போர்ட்டல் மூடிவிடும், ஆகவே சீட்டுகளை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுல எஸ்டேட் ஆபீஸ்ல இருக்கேன். வாடகை கிடையாது, எஸ்டேட் குவார்ட்டர்ஸ்தான். எனக்கும் இதுல தப்பு வருமா?

வரும், ஆனால் வேறு வரிசையில். கம்பெனிக்குச் சொந்தமான வீட்டை வாடகையில்லாமல் கொடுத்தால் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதத்தை வசதியின் மதிப்பாகச் சேர்ப்பார்கள். பகுதி B-யில் அது வரிசை 1(b)-இல், 17(2)-இன் கீழ் இருக்கும். 2023 செப்டம்பர் 1 முதல் 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் 10 சதவீதம், 15 முதல் 40 லட்சம் வரை 7.5, மற்ற ஊர்களில் 5. கணக்கு 2011 கணக்கெடுப்பின்படி. ஏற்காட்டுக்கு 5 சதவீதம்தான், சேலம் நகரத்துக்கும் அதே. நிர்வாக அலுவலகம் சென்னையில் இருந்து அங்கே 10 என்று வைத்திருந்தால் உங்கள் மேல் ஏற்றிய மதிப்பு சரியாக இரட்டிப்பாகியிருக்கும். மெயிலில் வரிசை எண்ணையும் வீடு இருக்கும் ஊரையும் மட்டும் மாற்றினால் போதும், மற்றபடி மேலே உள்ள அடுக்கே பொருந்தும்.

வீட்டுக்காரம்மா பான் கொடுக்க மாட்டேங்கிறாங்க. அதனாலதான் ரசீதை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம். இப்பவும் திருத்தச் சொல்லலாமா?

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் வேண்டும். அது இல்லாமல் கம்பெனி விலக்குத் தர மறுத்தது அவர்கள் பிழை அல்ல, அதற்குத் திருத்தம் கேட்டு எழுதினால் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும். அந்த அம்மாவிடம் பான் எண்ணே இல்லை என்றால் பெயர், முகவரியோடு ஓர் உறுதிமொழி எழுதி வாங்கிக் கொடுக்கலாம். இருந்தும் தர மறுத்தால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். வாடகையை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்த விவரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து ரிட்டர்னில் விலக்கைக் கேளுங்கள், துறை விளக்கம் கேட்டால் அவைதான் உங்கள் ஆதாரம். ரொக்கமாகவே கொடுத்து வந்திருந்தால் வரும் மாதத்திலிருந்தாவது வங்கி வழியாகக் கொடுக்க ஆரம்பியுங்கள்.

2026-லிருந்து புதுச் சட்டம்னு சொல்றாங்களே, அப்போ இந்த மெயில் செல்லுமா?

2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் முடிந்த ஆண்டுகளின் சம்பளத்துக்கு 1961 சட்டத்தின் பிரிவுகளே பொருந்தும், ஆகவே 2024-25, 2025-26 படிவங்களுக்கு மேலே உள்ள பிரிவு எண்களை அப்படியே எழுதலாம். அதற்குப் பிந்திய சம்பளத்துக்குப் பிரிவு எண்கள் மாறும். அப்போது உங்கள் படிவத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.